சதுரம் எங்கே இருக்கிறது? – x⁴ − 2 = 0 என்ற சமன்பாட்டின் எட்டு சமச்சீர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



கால்வா கோட்பாடு பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் கோட்பாடு முழுவதையும் சொல்லப் போனால் பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டு இறங்க வேண்டியிருக்கும். அதனால் ஒரே ஒரு சமன்பாட்டைப் பற்றிப் பேச அனுமதி பெற்றேன். x⁴ − 2 = 0 என்பதுதான் அந்தச் சமன்பாடு. முதுகலை வகுப்பில் இதைத் தொடாத மாணவர் இருக்க மாட்டார். விகிதமுறு எண்களின் புலமான Q-வின் மேல் இதன் கால்வா குலம் எட்டு உறுப்புகள் கொண்ட டைஹீட்ரல் குலம், அதாவது சதுரத்தின் சமச்சீர்க் குலம். தேர்வுத் தாளில் இதைச் சரியாக நிறுவியவர்கள் பலர். ஆனால் "அந்தச் சதுரம் எங்கே இருக்கிறது?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் கலப்பெண் தளத்தில் நான்கு புள்ளிகளை வரைந்து, "இதோ" என்கிறார்கள்.

மாணவனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தப் படம் கண்ணுக்கு அழகானது. ஆனால் விடை அதில் இல்லை. சதுரம் இருப்பது மூலங்களுக்கிடையே உள்ள உறவில். இன்று நான் நிறுவ வந்தது இது ஒன்றுதான். ஐந்து படிகளாகச் சொல்கிறேன்.

1. இருபத்து நான்கு எப்படி எட்டாகக் குறைகிறது

2-இன் நான்காம்படி மூலங்களில் மிகை மெய்யெண்ணாக இருப்பதை α என்போம். அதன் மதிப்பு ஏறத்தாழ 1.1892. சமன்பாட்டின் நான்கு மூலங்கள் α, iα, −α, −iα. நான்கு பொருள்களை 24 விதமாக இடம் மாற்றலாம். இவற்றில் எத்தனை இடமாற்றங்கள் கால்வா குலத்துக்குள் வரும்?

கேரம் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நால்வர் ஆடும்போது எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். நால்வரும் பலகையைச் சுற்றி 24 விதமாக உட்காரலாம். கூட்டாளிகள் எதிரெதிரே இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் வைத்தால் எத்தனை விதம் மிஞ்சும்? முதல் ஆளுக்கு நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. அவர் உட்கார்ந்துவிட்டால் அவருடைய கூட்டாளிக்கு ஒரே இடம்தான். மூன்றாமவருக்கு மீதி இரண்டு இடங்களில் ஒன்று, நான்காமவருக்குக் கடைசி இடம். ஆக 4 × 1 × 2 × 1 = 8. இந்த எட்டும் சதுரப் பலகையைத் திருப்பியும் கவிழ்த்தும் பெறுகிற அதே எட்டுதான். கவனியுங்கள்: இந்தக் கணக்கில் பலகை சதுரமா வட்டமா என்பது நுழையவே இல்லை. யார் யாருக்குக் கூட்டாளி என்பது ஒன்றே நுழைந்தது.

நம் மூலங்களிலும் இதே நிலைதான். α-வின் கூட்டாளி −α, iα-வின் கூட்டாளி −iα. கூட்டாளிகளைக் கூட்டினால் பூச்சியம். கால்வா குலத்தின் உறுப்பு என்பது, மூலங்கள் எல்லாம் அடங்கிய புலத்தின் எண்களைக் கூட்டலும் பெருக்கலும் குலையாதபடி தமக்குள் இடம் மாற்றும் விதி. வகுப்பில் ஆட்டோமார்பிசம் என்கிறோம்; நான் தன்னொப்புமை என்று சொல்கிறேன். அது விகிதமுறு எண்களை அசைக்காது. ஆகவே r என்ற மூலத்தை அது s-க்கு அனுப்பினால், r + (−r) = 0 என்ற உறவும் கூடவே போகும்; −r கட்டாயம் −s-க்குப் போயாக வேண்டும். கூட்டாளிகள் பிரிய முடியாது. 24 இடமாற்றங்களில் 16 இந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிடுகின்றன.

இந்த வழியில் முதலில் நடந்தவர் லாக்ராஞ்சு. 1770–71-இல் எழுதிய ஆய்வில் அவர் நான்காம்படிச் சமன்பாட்டின் மூலங்களை இருவர் இருவராகச் சேர்த்து, பெருக்கி, கூட்டினார். அப்படிச் சேர்க்க மூன்றே வழிகள் உண்டு. நம் சமன்பாட்டில் கூட்டாளிகளைச் சேர்த்தால் α·(−α) + iα·(−iα) = −√2 + √2 = 0. மற்ற இரண்டு வழிகளில் 2i√2, −2i√2 என்று வரும். மூன்று மதிப்புகளில் ஒன்று மட்டும் விகிதமுறு எண். விகிதமுறு எண்ணைத் தன்னொப்புமை எதுவும் அசைக்க முடியாது. ஆகவே அந்தச் சேர்க்கையும் அசையாது. இந்தப் பூச்சியத்தை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் இதனிடம் திரும்பி வரப் போகிறோம்.

2. எட்டுக்குக் கீழே ஏன் இறங்கவில்லை

எட்டுக்கு மேல் இல்லை என்றுதான் இதுவரை காட்டியிருக்கிறோம். எட்டும் உண்மையில் கிடைக்கின்றனவா?

இதற்கு இரண்டு செய்திகள் வேண்டும். முதலாவது, x⁴ − 2 என்பதை விகிதமுறு எண்களைக் கொண்டு சிறிய காரணிகளாகப் பிரிக்க முடியாது. இங்கே மாணவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். "விகிதமுறு மூலம் இல்லை, எனவே பிரியாது" என்று எழுதுகிறார்கள். இரண்டாம்படிக்கும் மூன்றாம்படிக்கும் அது செல்லும், நான்காம்படிக்குச் செல்லாது. x⁴ + 4 என்பதற்கு விகிதமுறு மூலம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது (x² + 2x + 2)(x² − 2x + 2) என்று பிரிந்துவிடுகிறது. நாம் நாட வேண்டியது ஐசன்ஸ்டைன் அளவுகோல். தலைக்கெழுவைத் தவிர மற்றக் கெழுக்கள் எல்லாம் 2-ஆல் வகுபடுகின்றன. மாறிலியான −2 மட்டும் 4-ஆல் வகுபடவில்லை. ஆகவே x⁴ − 2 பிரியாது. இதனால் Q-வுடன் α-வைச் சேர்த்தால் கிடைக்கும் Q(α) என்ற புலத்தின் படி 4.

இரண்டாவது செய்தி இன்னும் எளிது. Q(α)-வில் உள்ள எண்கள் எல்லாம் மெய்யெண்கள், i அவற்றில் ஒன்றல்ல. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்; சேர்த்தால் படி இரட்டிக்கிறது. நான்கு மூலங்களையும் தாங்கும் மிகச் சிறிய புலம் Q(α, i). அதன் படி 8. அத்தகைய புலத்தின் படியும் அதன் தன்னொப்புமைகளின் எண்ணிக்கையும் ஒன்றே என்பது கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றம். ஆகவே எட்டும் கிடைக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை.

இந்த எட்டையும் இரண்டைக் கொண்டே எழுதிவிடலாம். σ என்பது α-வை iα ஆக்குகிறது, i-யைத் தொடுவதில்லை. τ என்பது α-வைத் தொடுவதில்லை, i-யை −i ஆக்குகிறது. σ-வை நான்கு முறை செய்தால் பழைய நிலை. τ-வை இரு முறை செய்தால் பழைய நிலை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்போம். முதலில் σ, பிறகு τ என்றால் α முதலில் iα ஆகிறது, பிறகு i குறி மாறி −iα ஆகிறது. முதலில் τ, பிறகு σ என்றால் α முதலில் அசையவில்லை, பிறகு iα ஆகிறது. இரண்டு விடைகளும் வேறு. குறியீட்டில் τσ = σ³τ. சதுர அட்டையைக் கால் சுற்று சுற்றிவிட்டுக் கவிழ்ப்பதும், கவிழ்த்துவிட்டு முக்கால் சுற்று சுற்றுவதும் ஒன்று என்று சொல்லும் அதே விதி இது. இந்தக் குலத்தைச் சில நூல்கள் D₄ என்றும் சில நூல்கள் D₈ என்றும் எழுதுகின்றன. முதலாவது மூலைகளை எண்ணுகிறது, இரண்டாவது உறுப்புகளை எண்ணுகிறது. குலம் ஒன்றுதான்.

பாடநூல் இந்த இடத்தில் நின்றுவிடும். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

3. சுழற்றாத சுழற்சி

நான்கு மூலங்களையும் கலப்பெண் தளத்தில் குறித்தால், ஆதியை மையமாகக் கொண்ட ஒரு சதுரம் வருகிறது. σ என்பது α-வை iα-வுக்கும், iα-வை −α-வுக்கும் அனுப்புகிறது. பார்த்தால் தளத்தை 90 பாகை சுழற்றுவதுபோல் இருக்கிறது. i-ஆல் பெருக்குவதும் இதையேதான் செய்யும். "ஆகவே σ என்பது சுழற்சி" என்று எழுதிவிடுகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய பிழை என்பதை ஒரே எண்ணில் காணலாம். 1 எங்கே போகிறது? தளத்தைச் சுழற்றினால் 1 என்பது i ஆகிவிடும். σ-வோ 1-ஐ அசைப்பதில்லை. அசைத்தால் அது தன்னொப்புமையே அல்ல. 1 + α-வை எடுத்துக்கொண்டால், சுழற்சி அதை i + iα ஆக்கும். σ அதை 1 + iα ஆக்கும். நான்கு மூலங்களின் மேல் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்த நான்கைத் தாண்டி ஓர் அடி வைத்தவுடன் பிரிந்துவிடுகின்றன.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. α-வின் இருபடி √2. σ அதை (iα)²-க்கு, அதாவது −√2-க்கு அனுப்புகிறது. இப்போது 1.4, 1.41, 1.414, 1.4142 என்று √2-ஐ நெருங்கும் எண்களை வரிசையாக நிறுத்துங்கள். எல்லாம் விகிதமுறு எண்கள், σ இவற்றில் ஒன்றையும் அசைக்காது. அவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. அவை போய்ச் சேர வேண்டிய √2 மட்டும் பூச்சியத்துக்கு மறுபுறம் தாவிவிட்டது. தளத்தில் அருகருகே இருக்கும் புள்ளிகளை அருகருகே வைத்திருக்கும் வேலையை σ ஏற்றுக்கொள்ளவே இல்லை. தொடர்ச்சி என்பது அதற்குத் தெரியாது, தொலைவு தெரியாது, பெரிது சிறிது தெரியாது. கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரியும்.

எட்டு தன்னொப்புமைகளில் தளத்தின் வடிவியலோடு உண்மையாகவே ஒத்துப்போவன இரண்டே. ஒன்று எதையும் அசைக்காதது. மற்றது τ, அது i-யை −i ஆக்குவதால், மெய் அச்சில் கண்ணாடி வைத்ததுபோல் புலம் முழுவதையும் பிரதிபலிக்கிறது. மீதி ஆறும் நான்கு மூலங்களின் மேல் சதுரத்தின் அசைவுகளைப்போல் நடந்துகொள்கின்றன. மற்ற எண்களின் மேல் படத்தை அடையாளம் தெரியாமல் கலைத்துவிடுகின்றன.

4. படம் ஒன்று, குலம் வேறு

மேலே சொன்னதைக் கேட்டும் ஒருவர், "சரி, வழி எதுவானாலும் மூலங்கள் சதுரமாக இருப்பதால்தானே சதுரத்தின் குலம் வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதைச் சோதிக்க ஒரே வழி, அதே படம் உள்ள வேறு சமன்பாடுகளை எடுத்துப் பார்ப்பது.

x⁴ + 1 = 0 என்பதன் மூலங்களும் ஆதியை மையமாகக் கொண்ட சதுரம்தான்; 45 பாகை திரும்பியிருக்கும், அவ்வளவே. ஆனால் அதன் குலத்தில் நான்கே உறுப்புகள். காரணம் என்ன? ஒரு மூலத்தை ζ என்றால் மற்ற மூன்றும் ζ³, ζ⁵, ζ⁷. ஒன்று எங்கே போகிறது என்று சொல்லிவிட்டால் மற்றவை தாமே தீர்மானமாகிவிடுகின்றன. நம் சமன்பாட்டில் α போன இடம் தெரிந்தாலும் iα எந்தப் பக்கம் போகும் என்பது திறந்தே இருந்தது. i தனியாக நின்றதால் கிடைத்த சுதந்திரம் அது. x⁴ + 1-இல் அந்தச் சுதந்திரம் இல்லை. மேலும், அதன் குலத்தில் கால் சுற்றுக்கு ஒத்த உறுப்பே கிடையாது; எந்த உறுப்பையும் இரு முறை செய்தால் பழைய நிலை வந்துவிடும்.

சற்று முன் பார்த்த x⁴ + 4-ஐ எடுங்கள். மூலங்கள் 1 + i, 1 − i, −1 + i, −1 − i. பள்ளி மாணவர் வரைபடத்தாளில் வரையக்கூடிய மிகத் தெளிவான சதுரம். அதன் குலத்தில் இரண்டே உறுப்புகள்.

படம் மூன்றிலும் சதுரம்தான். குலத்தின் அளவு முறையே எட்டு, நான்கு, இரண்டு.

இப்போது மறுபக்கம் பாருங்கள். x⁴ − 6x² + 7 = 0. x²-இன் மதிப்பு 3 + √2 அல்லது 3 − √2. இரண்டும் மிகை எண்கள். ஆகவே நான்கு மூலங்களும் மெய்யெண்கள்: ஏறத்தாழ 2.101, 1.259, −1.259, −2.101. நான்கும் ஒரே கோட்டில் நிற்கின்றன. சதுரம் போகட்டும், பரப்பளவுகூட இல்லை. ஆனால் இதன் கால்வா குலம் அதே எட்டு உறுப்பு டைஹீட்ரல் குலம்.

எப்படி என்று பார்ப்போம். மூலங்களை a, b, −a, −b என்று எழுதுங்கள்; இங்கே a² = 3 + √2, b² = 3 − √2. கூட்டாளிகள் a-வும் −a-வும், b-யும் −b-யும். அவர்கள் பிரியக் கூடாது என்பதால் எட்டுக்கு மேல் போகாது. எட்டு வருவதற்கு, a-வைச் சேர்த்த பின்னும் b வெளியே நிற்க வேண்டும். a²b² = 9 − 2 = 7 என்பதால் ab = √7. ஆகவே b உள்ளே வருமா என்ற கேள்வி, √7 உள்ளே வருமா என்ற கேள்விதான். Q(a)-வுக்குள் √7 இருக்க வேண்டுமானால், 7 அல்லது 7(3 + √2) ஏதேனும் ஒன்று Q(√2)-க்குள் முழு இருபடியாக இருக்க வேண்டும். Q(√2)-இல் 7-க்கு இருபடி மூலம் இல்லை. 7(3 + √2)-ஐ அதன் இணையான 7(3 − √2)-ஆல் பெருக்கினால் 343 வருகிறது. அது விகிதமுறு எண்களில் முழு இருபடி அல்ல என்பதால் இதுவும் இல்லை. √7 வெளியேதான் நிற்கிறது. x⁴ − 2-இல் i செய்த வேலையை இங்கே √7 செய்கிறது. அங்கே i கற்பனை எண்ணாக இருந்ததால் அது வெளியே நிற்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். இங்கே கணக்கிட்டுத்தான் பார்க்க முடிகிறது.

கோட்டின் மேல் கிடக்கும் இந்த நான்கு எண்களுக்குள் ஒரு சதுரம் ஒளிந்திருக்கிறது. அதன் மூலைவிட்டங்கள் யாவை என்று எண்களின் உறவு சொல்கிறது. படம் சொல்லவில்லை.

x⁴ − 2-க்கே திரும்பி வந்து, சதுரத்தின் கண்ணாடிகளைக் கொஞ்சம் பார்ப்போம். சதுரத்தைக் கவிழ்க்க நான்கு வழிகள் உண்டு. இரண்டு வழிகளில் மூலைவிட்டம் அச்சாகிறது, இரண்டு மூலைகள் அசையாமல் நிற்கின்றன. மற்ற இரண்டில் எதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு அச்சாகிறது, ஒரு மூலையும் நிற்பதில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு சுற்றினாலும் முதல் வகை இரண்டாம் வகை ஆகாது. இந்த வேறுபாட்டுக்கு எண்களில் பொருள் உண்டா?

உண்டு. τ முதல் வகை. அது α-வை நிறுத்தி வைக்கிறது. அது அசைக்காத எண்களின் புலம் Q(α). அதன் ஜோடி σ²τ. அது நிறுத்தி வைப்பது iα-வை. Q(α)-வும் Q(iα)-வும் வெவ்வேறு புலங்கள், ஆனால் அமைப்பில் இரட்டைப் பிள்ளைகள். στ இரண்டாம் வகை. அது α-வையும் iα-வையும் தமக்குள் இடம் மாற்றுகிறது. எந்த மூலத்தையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆனால் இடம் மாறும் இரண்டின் கூட்டுத்தொகை மாறாதல்லவா? α + iα, அதாவது (1 + i)α நிற்கிறது. அதன் நான்காம்படி என்ன? (1 + i)⁴ = −4, α⁴ = 2; பெருக்கினால் −8. ஆகவே அது x⁴ + 8 = 0 என்ற வேறொரு சமன்பாட்டின் மூலம். x⁴ − 2-ஐ ஆராயப் புகுந்த நமக்கு, தேடாமலே x⁴ + 8 கிடைக்கிறது. இரண்டு சமன்பாடுகளும் ஒரே எட்டுப்படிப் புலத்தில் குடியிருக்கின்றன.

அட்டையில் இரண்டு வகைக் கவிழ்ப்பும் ஒன்றாகாது என்றோம். அதே செய்தி இங்கே, Q(α)-வும் Q((1 + i)α)-வும் அமைப்பில் ஒன்றாகா என்று வருகிறது. அதைத் தனியாகச் சரிபார்க்கவும் முடியும். x⁴ − 2-க்கு மெய் மூலம் உண்டு. x⁴ + 8-க்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே முதல் புலத்தை மெய்யெண்களுக்குள் உட்கார வைக்கலாம், இரண்டாவதை எந்த வகையிலும் முடியாது.

5. பகா எண்களின் சாட்சியம்

படத்தை நம்ப முடியாது என்றால், குலத்தை எப்படிக் கண்டுகொள்வது? எண்களிடமே கேட்கலாம். டெடகிண்டு தந்த வழி இது: ஒரு பகா எண் p-ஐ எடுத்து, எல்லா எண்களையும் p-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எண்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவையைக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். காரணிகளின் படிகள் என்னவோ, அதே நீளச் சுழல்கள் கொண்ட ஓர் இடமாற்றம் குலத்தில் நிச்சயம் இருக்கும். p என்பது கோவையின் தன்மைகாட்டியை வகுக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. x⁴ − 2-இன் தன்மைகாட்டி −2048, அதாவது −2¹¹. ஆகவே 2 மட்டும் விலக்கு.

5-ஐ எடுப்போம். மீதி 1, 2, 3, 4 எதை நான்காம்படிக்கு உயர்த்தினாலும் 1-தான் வரும், 2 வராது. அதற்கும் மேலே, 2 அங்கே முழு இருபடியும் அல்ல. x⁴ − 2 அந்த எண்கணிதத்திலும் பிரிவதில்லை. நான்கு மூலங்களையும் ஒரே சுழலில் சுற்றும் உறுப்பு குலத்தில் இருக்கிறது என்று 5 சாட்சி சொல்கிறது. 7-ஐ எடுப்போம். 2⁴ = 16; 7-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 2-உம் −2-உம் மூலங்கள். கோவை (x − 2)(x + 2)(x² + 4) என்று பிரிகிறது; கடைசிக் காரணி மேலும் பிரியாது. இரண்டு மூலங்களை நிறுத்திவிட்டு மற்ற இரண்டை மட்டும் மாற்றும் உறுப்பு உண்டு என்று 7 சொல்கிறது. மூலைவிட்டக் கண்ணாடி அதுதான்.

இந்த இரண்டு சாட்சிகளும் போதும். நான்கு நீளச் சுழலும், இரண்டை மட்டும் மாற்றுவதும் சேர்ந்திருக்கும் குலம் 24 உறுப்புகள் கொண்ட முழுக் குலமாகவோ எட்டு உறுப்பு டைஹீட்ரல் குலமாகவோதான் இருக்க முடியும். எட்டுக்கு மேல் போகாது என்று கூட்டாளிகளின் உறவு முதலிலேயே சொல்லிவிட்டது. புலத்தின் படியை எண்ணாமலே விடை வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். பகா எண்கள் "இன்ன உறுப்பு உண்டு" என்று சாட்சி சொல்லும். "இன்னது இல்லை" என்று சில பகா எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. கோவை ஒன்றும் மூன்றுமாகப் பிரியும் பகா எண் நூற்றில் ஒன்றுகூட அகப்படவில்லை என்பதால் மூன்று நீளச் சுழல் குலத்தில் இல்லை என்று முடிவுகட்டினால், அது நிறுவல் ஆகாது. மேல் எல்லைக்கு உறவுதான் வேண்டும்.

ஆனால் எண்ணிக்கையில் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு வகைப் பிரிவும் எந்த விகிதத்தில் வரும் என்பதை ஃப்ரொபீனியஸ் 1896-இல் வெளியிட்டார். எதையும் அசைக்காத உறுப்பு எட்டில் ஒன்று. ஆகவே பகா எண்களை எண்ணிக்கொண்டே போனால், கோவை நான்கு முதற்படிக் காரணிகளாக முழுதும் உடையும் பகா எண்கள் எட்டில் ஒரு பங்கை நெருங்கும். அவை எவை என்பதும் அதற்கு வெகுமுன்பே தெரிந்திருந்தது. 1828-இல் வெளிவந்த கட்டுரையில் காஸ் நிறுவியது இது: 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் p-க்கு, 2 நான்காம்படி எச்சமாக இருக்க வேண்டுமானால் p = x² + 64y² என்று எழுத முடிய வேண்டும்; எழுத முடிந்தால் அதுவே போதும். 100-க்குள் இப்படிப்பட்டவை இரண்டே: 73 = 9 + 64, 89 = 25 + 64. அப்போது கால்வாவுக்குப் பதினாறு, பதினேழு வயது. அவர் எழுதிய கட்டுரையைப் பாரிஸ் அகாதமி 1831-இல் திருப்பி அனுப்பியது. 1832 மே 31 அன்று, இருபதாம் வயதில் அவர் இறந்தார். லியூவில் அந்தக் கட்டுரையை அச்சேற்றியது 1846-இல். காஸின் பகா எண்களையும் கால்வாவின் குலத்தையும் ஒரே பொருளின் இரு பக்கங்களாகப் பார்க்கும் வாய்ப்பு இருவருக்குமே கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

73-ஐக் கையால் செய்து பார்த்துவிடுவோம். மாணவர்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம். 18² = 324, 73-ஆல் வகுத்தால் மீதி 32. 32² = 1024, மீதி 2. ஆக 18 ஒரு மூலம், அதன் கூட்டாளி 73 − 18 = 55. 27² = 729, அது 730-க்கு ஒன்று குறைவு; 730 என்பது 73-இன் பத்து மடங்கு. ஆகவே அங்கே i-யின் இடத்தில் 27 இருக்கிறது. 27 × 18 = 486, மீதி 48. அடுத்த மூலம் 48, அதன் கூட்டாளி 25. நான்கு மூலங்கள்: 18, 25, 48, 55. இங்கே தளமும் இல்லை, கோணமும் இல்லை, சதுரம் வரைய இடமே இல்லை. லாக்ராஞ்சின் சேர்க்கையை எடுத்துக் கூட்டாளிகளைப் பெருக்கிக் கூட்டுங்கள்: 18 × 55 = 990, 25 × 48 = 1200; மொத்தம் 2190. அது 73-இன் முப்பது மடங்கு, மீதி பூச்சியம்.